மீட்டிங் அழைப்பு தப்பான மணிக்கு வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் உட்கார்ந்து நியூ ஜெர்சியோடும் லண்டனோடும் பேசும் ஒரு சிறிய குழுவில் மீட்டிங் போடுவது, மாற்றுவது, "ஏன் யாரும் வரவில்லை" என்று விசாரிப்பது எல்லாம் பல வருடங்களாக என் தலையில்தான். வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும், ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

தினமும் இரவு 7:30-க்கு இருந்த கால், மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை தானாக 6:30-க்கு வந்துவிட்டது. "நாங்கள் எதையும் தொடவில்லை" என்கிறார்கள். பொய் சொல்கிறார்களா?

இல்லை. அழைப்பை அவர்கள் தொடவில்லை, அவர்கள் ஊர்க் கடிகாரம்தான் நகர்ந்தது.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரத்தை 3 மணிக்குத் தள்ளிவிடுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு திரும்பப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். 2026-இல் அந்த நாட்கள் மார்ச் 8, நவம்பர் 1. இடையில் உள்ள காலத்துக்குக் கோடை நேரம் என்று பெயர். நம் ஊரில் அது கிடையாது. உலகத்துக்கே பொது அளவுகோலான யூ.டி.சி. நேரத்தைவிட வருடம் முழுக்க ஐந்தரை மணி நேரம் முன்னால் நிற்கிறோம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நியூ ஜெர்சிக்காரர் காலை 9 மணிக்குத் தினசரி கால் வைத்திருக்கிறார். மார்ச் 6, வெள்ளிக்கிழமை: அவருடைய 9 மணி என்பது யூ.டி.சி.யில் 14:00, நமக்கு இரவு 7:30. மார்ச் 9, திங்கட்கிழமை: அதே 9 மணி யூ.டி.சி.யில் 13:00, நமக்கு மாலை 6:30. அவருக்கு எதுவும் மாறவில்லை, அன்றும் காபியோடு 9 மணிக்குத்தான் உட்கார்ந்தார். நாம்தான் ஆபீஸ் பஸ்ஸில் இருந்தோம்.

ஆக, தவறு சரியாக ஒரு மணி நேரம், அதுவும் மார்ச் அல்லது நவம்பரில் தொடங்கியது என்றால், முதலில் செட்டிங்ஸைக் கிளற வேண்டாம். எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்துகொண்டிருக்கலாம்.

அப்படியானால் அழைப்பை நான் அனுப்பினால் 7:30 அப்படியே நிற்குமா?

நிற்கும். தொடர் மீட்டிங் எப்போதும் ஏதாவது ஒரு ஊரின் கடிகாரத்தில் ஆணி அடித்து மாட்டப்பட்டிருக்கிறது. வழக்கமாக அது அழைப்பை உருவாக்கியவரின் ஊர். நீங்கள் சென்னையில் இருந்து 7:30 என்று போட்டால், மார்ச் 9 முதல் நியூ ஜெர்சியில் அது காலை 10 மணிக்குப் போய்விடும். அப்போது "நான் எதையும் தொடவில்லை" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஆகவே யார் அனுப்புகிறார்கள் என்பதைவிட, எந்த ஊர் நேரம் அசையக்கூடாது என்பதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள். வாடிக்கையாளர் 9 மணிக்கு மட்டும்தான் வருவார் என்றால், அனுப்புவது நீங்களாக இருந்தாலும் மீட்டிங்கை நியூயார்க் நேரத்தில் போடலாம். கூகுள் காலண்டரில் நிகழ்வைத் திறந்தால் மணிக்குப் பக்கத்தில் `Time zone` என்று ஒரு இணைப்பு இருக்கும். அதில் `Eastern Time - New York` தேர்ந்தெடுத்து, மணியை 9:00 என்று கொடுங்கள். டெஸ்க்டாப் அவுட்லுக்கில் மீட்டிங் ஜன்னலில் `Time Zones` பொத்தானை அழுத்தினால் மணிக்கு அருகே ஊர்ப்பட்டியல் தோன்றும்.

எங்கள் குழுவில் பாதிப் பேர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள். 6:30-க்கும் 7:30-க்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆனாலும் நியூயார்க் நேரத்தில்தான் வைத்திருக்கிறோம், வருடத்துக்கு இரண்டே நாள் அறிவிப்பு கொடுத்தால் போதும் என்பதால்.

லண்டன், நியூ ஜெர்சி, சென்னை மூன்றும் சேரும் கால். மார்ச்சில் மூன்று வாரம் மட்டும் லண்டன்காரர்கள் "சாப்பாட்டு நேரத்தில் வைத்துவிட்டீர்கள்" என்கிறார்கள். அப்புறம் தானாகச் சரியாகிவிடுகிறது. எப்படி?

இரண்டு நாடும் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் மார்ச் கடைசி ஞாயிறு மாற்றும், அக்டோபர் கடைசி ஞாயிறு திருப்பும். 2026-இல் மார்ச் 29, அக்டோபர் 25.

நியூ ஜெர்சி 9 மணிக்கு மாட்டிய கால் குளிர்காலத்தில் லண்டனில் பிற்பகல் 2 மணி, நமக்கு 7:30. மார்ச் 9 முதல் 27 வரை அமெரிக்கா மட்டும் நகர்ந்திருக்கும். லண்டனில் பிற்பகல் 1 மணி, நமக்கு 6:30. மார்ச் 30 அன்று லண்டனும் நகர்ந்துவிடும். அங்கே திரும்ப 2 மணி, நமக்கு அதே 6:30.

அக்டோபர் 26 முதல் 30 வரை இதே கதை ஒரு வாரத்துக்கு நடக்கும். இந்த இடைவெளி வாரங்களில்தான் சண்டை அதிகம். பாதிப் பேருக்கு மாறி, மீதிப் பேருக்கு மாறாமல் இருப்பதால் எல்லோரும் அடுத்தவர் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள்.

என் காலண்டர் ஒரு மணி, லேப்டாப் ஒரு மணி, போன் ஒரு மணி காட்டுகிறது. எதை நம்புவது?

எதையும் நம்புவதற்கு முன், எத்தனை மணி நேரம் வித்தியாசம் என்று எழுதிக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் மாதிரி, இந்தக் கோளாறுக்கு அந்த எண்தான்.

ஒரு மீட்டிங் மூன்று இடங்களைக் கடந்து உங்கள் கண்ணுக்கு வருகிறது. காலண்டர் சேவை அதை ஒரு நிச்சயமான கணமாக வைத்திருக்கிறது. அதைக் காட்டும்போது, உங்கள் கணக்கில் எழுதியிருக்கும் டைம் ஜோனையோ, லேப்டாப்பின் டைம் ஜோனையோ, போனின் டைம் ஜோனையோ பார்த்து மாற்றிக் காட்டுகிறது. இந்த மூன்றும் தனித்தனி செட்டிங்ஸ். ஒன்றை மாற்றினால் மற்றது மாற வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒரு மணி நேரம் என்றால் கோடை நேரம் சம்பந்தப்பட்டது. ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம் என்றால், எங்கோ ஓரிடத்தில் நியூயார்க் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. ஐந்தரை மணி நேரம் என்றால் யூ.டி.சி. நேரத்தை யாரோ உள்ளூர் நேரமாக எடுத்துக்கொண்டார்கள், அல்லது தலைகீழாக. அரை மணி நேரம் என்றால் விண்டோஸ் பட்டியலில் `Chennai, Kolkata, Mumbai, New Delhi` என்பதற்கு மேலேயோ கீழேயோ விரல் தவறிக் கராச்சியையோ டாக்காவையோ தொட்டிருக்கிறீர்கள். கால் மணி நேரம் என்றால் காத்மாண்டு, அது ஐந்தே முக்கால்.

அதே பட்டியலில் `Sri Jayawardenepura` என்று இன்னொரு ஐந்தரை இருக்கும். அது இலங்கை. 1996-இல் அங்கே ஆறரைக்குப் போய், அதே வருடம் ஆறுக்கு வந்து, 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்குத் திரும்பினார்கள். அந்த வரலாற்றுக்காகத் தனி வரி. இன்றைய மீட்டிங்குக்கு அதைத் தேர்ந்தெடுத்தாலும் கெடுதல் இல்லை.

எண் கிடைத்ததும் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. கூகுள் காலண்டரை பிரவுசரில் வார வடிவில் திறந்தால், மணிகள் வரிசையாக இருக்கும் இடத்தின் மேல் மூலையில் `GMT+05:30` என்று சின்ன எழுத்தில் இருக்கும். அங்கே வேறு எண் இருந்தால் குற்றவாளி உங்கள் கணக்கு. செட்டிங்ஸில் `Primary time zone` பாருங்கள். ஆன்சைட் போய் வந்தவர்களுக்கு இது ரொம்ப சகஜம். அங்கே இறங்கியதும் "டைம் ஜோனை மாற்றட்டுமா" என்று கேட்டிருக்கும், சரி என்று தட்டியிருப்பீர்கள். திரும்பி வந்தபோது கேட்டதைக் கவனிக்காமல் மூடியிருப்பீர்கள்.

லேப்டாப்பில் பார்க்க, கமாண்ட் பிராம்ப்ட்டில்:

```
tzutil /g
```

`India Standard Time` என்று பதில் வர வேண்டும். லினக்ஸ் என்றால் `timedatectl`.

நான் டல்லாஸ், நியூயார்க் என்று போய் வருகிறவன். ஜூலையில் நியூயார்க் யூ.டி.சி.யைவிட 4 மணி நேரம் பின்னால் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? விண்டோஸ் பட்டியலில் `(UTC-05:00) Eastern Time` என்றுதான் இருக்கிறது. எதை எடுக்க?

அந்த -05:00 வரியையே எடுங்கள். விண்டோஸ் பட்டியலில் அடைப்புக்குறிக்குள் இருப்பது குளிர்காலக் கணக்கு. ஜூலையிலும் அது -05:00 என்றே நிற்கும். உள்ளே கோடை நேரம் தானாகக் கூட்டப்படும்.

இதைத் தெரியாமல் "நாலுதானே" என்று `(UTC-04:00) Atlantic Time (Canada)` எடுப்பவர்கள் நிறைய. அது கனடாவின் கிழக்கோர ஊர்களுக்கானது. அதற்கும் கோடை நேரம் உண்டு, ஆகவே ஜூலையில் உண்மையில் -3 ஆகிவிடும். கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அதைப் பார்த்ததும் என்ன செய்வார்கள்? `Set time automatically` என்பதை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைக் கையால் ஒரு மணி பின்னுக்கு இழுப்பார்கள். சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகும், மனசும் ஆறும். ஆனால் அனுப்புகிற ஒவ்வொரு அழைப்பும் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் விழும்.

இன்னொரு பொறி: `Adjust for daylight saving time automatically` என்ற சுவிட்ச். நியூயார்க்கில் இருக்கும்போது யாராவது அதை அணைத்திருந்தால், மேலே சொன்ன கட்டளை இப்படிப் பதில் தரும்:

```
Eastern Standard Time_dstoff
```

கடைசியில் இருக்கும் `_dstoff`-ஐப் பார்த்தாலே போதும், வேறு எதையும் தேட வேண்டாம். சரி செய்ய:

```
tzutil /s "Eastern Standard Time"
w32tm /resync
```

இரண்டாவது வரிக்குக் கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகியாகத் திறக்க வேண்டும். `Standard` என்ற சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம், அது அந்த மண்டலத்தின் பெயர் மட்டுமே. கோடை நேரமும் அதற்குள் அடக்கம்.

லண்டனுக்கும் ஒரு விநோதம் உண்டு. `GMT Standard Time` என்பதுதான் லண்டன், அது கோடையில் மாறும். மாறாத கிரீன்விச் நேரம் வேண்டுமென்றால் அது `Greenwich Standard Time`, பட்டியலில் `Monrovia, Reykjavik` என்று இருக்கும். கிரீன்விச் என்ற ஊர் இருப்பதோ லண்டனில். பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறேன். டைம் ஜோன் எல்லாம் குழப்பம், பேசாமல் லேப்டாப் கடிகாரத்தையே அமெரிக்க நேரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இதைத்தான் செய்திருந்தார்.

கோடைக்காலம். சென்னையில் மாலை 6:30, நியூயார்க்கில் காலை 9:00. டைம் ஜோன் இந்தியாவிலேயே இருக்க, கடிகாரத்தை மட்டும் 9:00 என்று திருப்பிவிட்டார். அவர் கண்ணுக்கு அது அமெரிக்க நேரம். ஆனால் லேப்டாப்புக்கு அது இந்தியக் காலை 9 மணிதான், அதாவது யூ.டி.சி. 03:30. மறுநாள் அமெரிக்கக் காலை 10 மணிக்கு என்று நினைத்து அவுட்லுக்கில் 10:00 போட்டு அனுப்பினார். லேப்டாப் அதை இந்திய 10 மணியாக எடுத்துக்கொண்டு, யூ.டி.சி. 04:30 என்று எழுதியது. நியூ ஜெர்சியில் அது நள்ளிரவு 12:30. அங்கிருந்து வந்த பதில் ஒரே வரி: "தம்பி, தூங்கவா வேண்டாமா?" அவரும் தமிழர்தான், அதனால் அதோடு போயிற்று.

இதில் கண்டுபிடிக்கக் கடினமான விஷயம், அனுப்பியவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும் என்பது. அவர் திரையில் 10:00, பெறுபவர் திரையில் 12:30. எங்களுக்குத் துப்பு கிடைத்தது வேறு இடத்தில். அவர் போனில் வரும் ஆறு இலக்க ஆத்தென்டிகேட்டர் எண், கடிகாரம் திருப்பப்பட்ட லேப்டாப்பில் அல்லாமல் போனில் உருவாவதால், சிக்கலின்றி ஏற்கப்பட்டது. ஆனால் பிரவுசரில் சில தளங்கள் சான்றிதழ் எச்சரிக்கை காட்டி, `Your clock is behind` என்றன. அதைப் பல நாளாக மூடிவிட்டு வேலை பார்த்திருக்கிறார்.

அமெரிக்க நேரமும் கண்ணில் பட வேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது. விண்டோஸ் கடிகாரத்தில் கூடுதல் கடிகாரம் சேர்க்கலாம். கூகுளில் `Display secondary time zone`, டெஸ்க்டாப் அவுட்லுக்கில் `Show a second time zone`. இரண்டு ஊர் நேரமும் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாகத் தெரியும். அந்தத் தம்பி இப்போது அதைத்தான் வைத்திருக்கிறார். ஒரு எச்சரிக்கை: பழைய டெஸ்க்டாப் அவுட்லுக்கில் முதல் டைம் ஜோனை மாற்றினால் விண்டோஸின் டைம் ஜோனும் சேர்ந்து மாறும். இரண்டாவதை மட்டும் தொடுங்கள்.

ஒரு தளத்தில் நேரம் புக் செய்தேன், மாலை 6:30. காலண்டரில் சேர்த்தால் நள்ளிரவு 12 மணி என்று விழுகிறது. மற்ற மீட்டிங் எல்லாம் சரி. என் பக்கத் தவறா?

இல்லை, அந்தத் தளத்தின் தவறு. 6:30-க்கும் 12-க்கும் இடையே ஐந்தரை மணி நேரம். வந்த `.ics` கோப்பை நோட்பேடில் திறந்து `DTSTART` என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். மூன்று விதமாக இருக்கலாம்:

```
DTSTART:20260309T130000Z
DTSTART;TZID=America/New_York:20260309T090000
DTSTART:20260309T183000
```

முதல் வரியின் கடைசியில் உள்ள `Z` "இது யூ.டி.சி." என்கிறது. 13:00 என்றால் நமக்கு 6:30. இரண்டாவது, நியூயார்க்கில் 9 மணி என்கிறது. மார்ச் 9 அன்று அதுவும் நமக்கு 6:30 தான். மூன்றாவதில் ஊரும் இல்லை, `Z`-உம் இல்லை. திறக்கும் கருவி எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரின் 6:30 ஆக அது எடுத்துக்கொள்ளும். சென்னையில் தற்செயலாகச் சரியாக இருக்கும், துபாயில் இருப்பவருக்கு அனுப்பினால் ஒன்றரை மணி நேரம் பிசகும்.

உங்கள் கோப்பில் அநேகமாக `183000Z` என்று இருக்கும். உள்ளூர் 6:30-ஐ அப்படியே எழுதி, பின்னால் `Z`-ஐ ஒட்டிவிட்டார்கள். 18:30-உடன் காலண்டர் ஐந்தரையைக் கூட்டினால் நள்ளிரவு. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: `130000` என்று யூ.டி.சி. நேரத்தை எழுதி `Z`-ஐ விட்டுவிட்டால், பிற்பகல் 1 மணிக்கே ரிமைண்டர் அடிக்கும். அந்த வரியை நகலெடுத்துத் தளத்துக்கு அனுப்புங்கள். "நேரம் தப்பாக வருகிறது" என்று புகார் கொடுத்தால் உங்கள் போனை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார்கள்.

ஒரு விதிவிலக்கு. மீட்டிங் மட்டுமல்ல, விண்டோஸ் கடிகாரமே ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, அதுவும் அதே லேப்டாப்பில் லினக்ஸும் இருக்கிறது என்றால் காரணம் வேறு. மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் யூ.டி.சி.யில் வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கும். இரண்டில் ஒன்றை மற்றதோடு ஒத்துப்போகச் செய்ய வேண்டும்.

லேப்டாப்பில் சரி, போனில் மட்டும் தப்பு. போனின் கடிகாரமும் சரியாகத்தான் இருக்கிறது. பிறகென்ன?

காலண்டர் ஆப்புக்குள்ளேயே தனி டைம் ஜோன் இருக்கக்கூடும். ஐபோனில் காலண்டர் செட்டிங்ஸுக்குள் `Time Zone Override` என்று ஒன்று இருக்கிறது. அது ஆன் ஆக இருந்தால், நீங்கள் சென்னையில் இருந்தாலும் ஆப் அதில் எழுதிய ஊரின் நேரத்தையே காட்டும். அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் காலண்டரின் செட்டிங்ஸில் `Use device time zone` ஆன் ஆக இருக்க வேண்டும்.

இவை சரியாக இருந்தும் ஒரு மணி நேரம் பிசகினால், போனின் வயதைப் பாருங்கள். எந்த நாடு எந்த நாளில் கடிகாரம் மாற்றுகிறது என்ற பட்டியல் போனுக்குள் இருக்கிறது. அப்டேட் நின்றுபோன போனில் அந்தப் பட்டியல் பழையதாகவே கிடக்கும். மெக்சிகோ 2022 அக்டோபரில் தன் பெரும்பகுதிக்குக் கோடை நேரத்தையே கைவிட்டது. எகிப்து 2023-இல் மறுபடி கொண்டுவந்தது. அந்த ஊர்களோடு பேசுகிறவர்களின் பழைய போன் இன்னமும் பழைய சட்டப்படியே நடக்கும்.

அமெரிக்காவிலேயே இது பெரிதாக நடந்தது 2007-இல். அதுவரை ஏப்ரல் முதல் ஞாயிறு தொடங்கிய கோடை நேரத்தை மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கு இழுத்தார்கள். அப்டேட் போடாத கணினிகள் மார்ச் 11 முதல் ஏப்ரல் 1 வரை ஒரு மணி நேரம் பின்தங்கின. அப்டேட் போட்டும் சிலருக்குத் தீரவில்லை. முன்கூட்டியே போட்டு வைத்த மீட்டிங்குகள் பழைய கணக்குப்படி யூ.டி.சி.யாக மாற்றப்பட்டுச் சேமிக்கப்பட்டிருந்ததால், அவற்றைத் தனியாக நகர்த்த வேண்டியிருந்தது.

ஆபீஸ் கொடுத்த ரிமோட் மெஷினில் அவுட்லுக் அமெரிக்க நேரம் காட்டுகிறது, மாற்றினாலும் மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது.

அந்த மெஷின் உட்கார்ந்திருக்கும் இடத்தின் நேரம் அது. உங்கள் லேப்டாப்பின் டைம் ஜோனை அது எடுத்துக்கொள்ள `Allow time zone redirection` என்ற பாலிசியை ஐ.டி. குழு இயக்க வேண்டும். டிக்கெட்டில் இந்தப் பெயரையே எழுதுங்கள். அதுவரை இரண்டாவது டைம் ஜோனாக இந்தியாவைச் சேர்த்து ஓட்டுங்கள்.

மெயிலில் "9 AM EST" என்று தெளிவாக எழுதிவிட்டால் போதாதா?

ஜூலையில் அப்படி எழுதினால் அது தெளிவே இல்லை. `EST` என்பது குளிர்கால நேரம், கோடையில் அங்கே நடப்பது `EDT`. எழுத்துப்படி எடுத்துக்கொள்பவர் 7:30-க்கு வருவார், பழக்கப்படி எடுத்துக்கொள்பவர் 6:30-க்கு வருவார். இரண்டு பேரும் சரி. நம் `IST`-யும் அப்படித்தான், அயர்லாந்துக்காரருக்கும் இஸ்ரேல்காரருக்கும் அது அவரவர் நேரம். "நியூயார்க் காலை 9, சென்னை மாலை 6:30" என்று ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். அதைவிட நல்லது, மெயில் வாசகத்தில் நேரமே எழுதாமல் அழைப்பில் மட்டும் விடுவது. வாசகத்தில் கையால் எழுதிய நேரத்தை எந்தக் காலண்டரும் மாற்றிக் காட்டாது. மார்ச்சில் அழைப்பு 6:30-க்கு நகர்ந்த பிறகும் வாசகம் 7:30 என்றே சொல்லிக்கொண்டிருக்கும், ஆட்கள் வாசகத்தைத்தான் நம்புவார்கள்.

நாள் முழுக்க என்று போட்ட லீவு, அமெரிக்க மேனேஜர் காலண்டரில் இரண்டு நாளாகப் பரவிக் கிடக்கிறது.

அவுட்லுக் பழக்கம் அது. நாள் முழுக்க என்பதை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று நம் நேரத்தில் எழுதி வைக்கும். அங்கே பார்த்தால் முந்தைய நாள் பிற்பகலில் தொடங்கும். லீவை அழைப்பாக அனுப்பாமல் மெயிலில் தேதி சொல்லிவிடுவதுதான் என் வழி.

எல்லாம் மாற்றிவிட்டேன். சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். காலண்டரில் இரண்டு சோதனை நிகழ்வுகள் போடுங்கள். இரண்டும் நியூயார்க் டைம் ஜோனில் காலை 9 மணி. ஒன்று வரப்போகும் ஜனவரி 15, மற்றது வரப்போகும் ஜூலை 15. அப்புறம் பிரவுசர், லேப்டாப், போன் மூன்றிலும் திறந்து பாருங்கள். ஜனவரியில் 7:30, ஜூலையில் 6:30 வர வேண்டும். இரண்டு தேதியிலும் ஒரே மணி காட்டும் கருவிக்குக் கோடை நேரம் தெரியவில்லை. இரண்டும் ஒரே அளவு பிசகினால் டைம் ஜோனே தப்பு. ஒரு தேதியை மட்டும் பார்த்துச் சரி என்று விட்டுவிடாதீர்கள். நியூயார்க்குக்குப் பதில் `Bogota, Lima` எடுத்தவருக்கு ஜனவரி முழுக்கச் சரியாகவே இருக்கும், அந்த ஊர்களும் -5 தான், ஆனால் கோடை நேரம் இல்லாதவை.

சோதனையில் வேறு யாரையும் சேர்க்க வேண்டாம், பார்த்து முடித்ததும் அழித்துவிடுங்கள். ஒருமுறை நான் பழக்க தோஷத்தில் குழு முகவரியைச் சேர்த்து, அழிக்கவும் மறந்துவிட்டேன். ஜூலை 15 மாலை 6:30-க்கு நான்கு பேர் உள்ளே வந்து, யார் பேச ஆரம்பிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.